நாற்பத்து மூன்று தீர்ப்புகளும் ஒரு பிழையான வாக்கியமும்

போன மாதம் நெல்லையில் ஒரு கல்லூரி நடத்திய மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு, எழுத்து வாதங்களைத் திருத்தித் தரும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். சட்ட மாணவர்கள் 'மெமோரியல்' என்று சொல்லும் அந்த எழுத்து வாதத்துக்குத் தனி மதிப்பெண் உண்டு. பன்னிரண்டு மெமோரியல்கள் வந்தன. அணிகளின் பெயர் இல்லை, குறியீட்டு எண் மட்டும்தான். முதல் நாள் இரவு நான் அதிக மதிப்பெண் போட்டது நாற்பத்து மூன்று தீர்ப்புகளை மேற்கோள் காட்டியிருந்த ஒரு மெமோரியலுக்கு. மறுநாள் காலை அதைத் திரும்பப் படித்தபோது, நான் தீர்ப்புகளை எண்ணியிருக்கிறேன், படிக்கவில்லை என்று தெரிந்தது. அந்தத் தவறைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

போட்டிக்குக் கொடுக்கப்பட்ட வழக்கு கற்பனையானது. தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமம். ஊராட்சித் தலைவர் ஒரு தலித் பெண். ஒரு நாள் முற்பகல் அலுவலகத்தில் அவர் தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்துப் போட இருக்கும்போது, ஆதிக்க சாதியைச் சேர்ந்த ஒருவர் உள்ளே வந்து பதிவேட்டைப் பறிக்கிறார், சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுகிறார், நாற்காலியை விட்டு எழச் சொல்கிறார். அறையில் ஊராட்சிச் செயலர் இருக்கிறார். நூறு நாள் வேலைக்கு மனு கொடுக்க வந்த ஐந்து பெண்கள் திறந்த கதவருகே நிற்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(r), 3(1)(s) பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். பதிவாகிறது. அதை ரத்து செய்யக் கோரி, குற்றம் சாட்டப்பட்டவர் உயர் நீதிமன்றத்துக்குப் போகிறார். அவர் தரப்புக்கு ஆறு மெமோரியல், எதிர்த் தரப்புக்கு ஆறு.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் கற்பனை குறைவு என்று தெரியும். தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி 2011 சூன் மாதம் வெட்டப்பட்டு உயிர் பிழைத்தவர். அந்த நாற்காலியின் கதை இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. அதனாலேயே திருத்துபவருக்கு ஓர் ஆபத்து இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த இரண்டு பிரிவுகளிலும் வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரு சொற்றொடரில்தான். அவமதிப்போ சாதிப் பெயர்சொல்லித் திட்டுவதோ, பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும். பொது இடம் என்று சட்டம் சொல்லவில்லை, பொதுப் பார்வை என்றே சொல்கிறது. தனியார் வீட்டு வாசல்கூடப் பொதுப் பார்வைக்கு உட்பட்டதாக இருக்கலாம், அரசு அலுவலகத்தின் பூட்டிய அறை அப்படி இல்லாமல் போகலாம். இதை விளக்கிய தீர்ப்பு 2008-இல் வந்த ஸ்வரன் சிங். கட்டடத்துக்குள்ளே சொல்லப்பட்டாலும், உறவினர், நண்பர் அல்லாத பொதுமக்கள் சிலர் அங்கே இருந்தால் அது பொதுப் பார்வையில் நடந்ததாகவே கொள்ளப்படும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

இனி அந்த நாற்பத்து மூன்று தீர்ப்பு மெமோரியலுக்கு வருவோம். அது மனுதாரர் தரப்பு. அதன் மைய வாதம், 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு வழங்கிய ஹிதேஷ் வர்மா தீர்ப்பின் 14-ஆவது பத்தியிலிருந்து எடுத்த ஒரு வாக்கியம். கட்டடத்துக்குள்ளே பொதுமக்கள் சிலர் இருந்தாலும் அது குற்றமாகாது, ஏனென்றால் அது பொதுப் பார்வையில் இல்லை என்பது அந்த வாக்கியத்தின் சாரம். படிக்கும்போது கதை முடிந்தது போலத் தோன்றும். மூன்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள், ஸ்வரன் சிங் இரண்டு நீதிபதிகள்தான். ஐந்து பெண்கள் இருந்தால் என்ன, ஐம்பது பேர் இருந்தால் என்ன?

ஆனால் அந்தப் பத்தியை முழுக்கப் படித்தால், அந்த வாக்கியம் ஸ்வரன் சிங் தீர்ப்பின் சாரத்தைச் சொல்ல வந்த இடத்தில் இருப்பது தெரியும். அதற்குக் கீழேயே ஸ்வரன் சிங் தீர்ப்பின் சொற்கள் அப்படியே எடுத்துத் தரப்பட்டிருக்கின்றன. அவை நேர் எதிராக இருக்கின்றன: பொதுமக்கள் இருந்தால் குற்றம்தான். அடுத்த பத்தியில் நீதிமன்றம் அந்த விதியைத் தன் முன்னிருந்த வழக்குக்குப் பொருத்துகிறது. சம்பவம் நான்கு சுவர்களுக்குள் நடந்ததாகச் சொல்லப்படுகிறது, அந்த நேரத்தில் வீட்டுக்குள் பொதுமக்கள் யாரும் இருந்ததாகப் புகார்தாரரே சொல்லவில்லை, எனவே குற்றத்தின் அடிப்படைக் கூறு இல்லை என்கிறது. பொதுமக்கள் இருந்தாலும் குற்றமில்லை என்பதுதான் விதியென்றால், யாரும் இருந்தார்களா என்று நீதிமன்றம் பார்த்திருக்கவே தேவையில்லை. எஸ்.சி.சி. தீர்ப்புத் தொகுப்பின் பதிப்பாசிரியர்கள் இந்த முரண்பாட்டைக் குறிப்பிட்டு அந்த இடத்தில் ஒரு குறிப்பே போட்டிருக்கிறார்கள்.

ஒரு தீர்ப்பில் கட்டுப்படுத்துவது, முடிவுக்குத் தேவையாக இருந்த காரணம்தான். சட்டக் கல்லூரியில் இதை 'ரேஷியோ' என்று முதலாண்டிலேயே சொல்லித் தருகிறார்கள். ஆனால் மெமோரியல் எழுதும்போது தேடுபொறியில் சொல்லைப் போட்டு, வந்து விழும் வாக்கியத்தை வெட்டி ஒட்டுவது பழக்கமாகிவிட்டது. அந்த அணியின் மேற்கோள் முறை குற்றமற்றது: பத்தி எண் சரி, அமர்வின் பலம் சரி, சாய்வெழுத்தும் சரி. வாக்கியம் மட்டும் அந்தத் தீர்ப்பே மறுக்கும் வாக்கியம். மதிப்பெண் தாளில் மேற்கோள் முறைக்கு 10, சட்ட ஆதாரங்களைப் பயன்படுத்தியதற்கு 25 என்று தனித்தனியாக இருந்தது. முதல் நாள் இரவு நான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். மறுநாள் அந்த 25-இல் அவர்களுக்கு நான் கொடுத்தது 9.

அப்போது எனக்குள் ஒரு குரல் கேட்டது. நீ புகார்தாரர் பக்கம் நிற்பவன், அதனால்தான் மனுதாரர் மெமோரியலை இவ்வளவு நோண்டுகிறாய் என்றது. சரி, எதிர்த் தரப்பையும் அதே கண்ணால் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

எதிர்த் தரப்பின் ஆறு மெமோரியல்களில் நான்கு, ஹிதேஷ் வர்மாவின் பெயரையே சொல்லவில்லை. 2025 சனவரி 31 அன்று வந்த கருப்புடையார் தீர்ப்பையும் சொல்லவில்லை. பின்னது நம் தமிழ்நாட்டு வழக்கு. திருச்சி மாவட்டத்தில், பட்டா தொடர்பான மனுவைப் பற்றிக் கேட்க வந்தவர், வருவாய் ஆய்வாளரை அவரது அலுவலக அறையில் சாதி சொல்லித் திட்டினார் என்பது குற்றச்சாட்டு. உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அரசு அலுவலகம், உள்ளே ஓர் அறை, திட்டப்பட்டவர் பொறுப்பில் இருந்தவர். நம் கற்பனை வழக்கோடு இதைவிட நெருக்கமான தீர்ப்பு கிடைக்காது. அதைக் காணாதது போல எழுதியிருந்தார்கள்.

தோழமை உள்ள திருத்துநர் செய்யக்கூடிய பெரிய துரோகம், இந்த மௌனத்துக்குச் சலுகை காட்டுவதுதான். உண்மையான வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்ததும் முதலில் நீட்டுவது அந்தத் தீர்ப்பாகத்தான் இருக்கும். மதுரைக் கிளையில் அரசுத் தரப்பு வழக்கறிஞரோ புகார்தாரரின் வழக்கறிஞரோ அதை முதல்முறையாக அங்கே பார்த்தால், எஃப்.ஐ.ஆர். அன்றைக்கே போய்விடும். நமக்கு எதிரான தீர்ப்பை நாமே முன்வைத்து, அதற்குப் பதிலும் சொல்வதுதான் ஆதாரப் பயன்பாட்டின் முதல் தேர்வு. அந்த நான்கு அணிகளும் என் மதிப்பெண் தாளில் 25-க்கு 8-ஐத் தாண்டவில்லை. எழுதும்போது கை நடுங்கியது உண்மை.

மீதி இரண்டில் ஒன்று என்ன செய்தது என்று பாருங்கள். மொத்தம் பதினோரு தீர்ப்புகள்தான் காட்டியிருந்தார்கள். கருப்புடையார் தீர்ப்பைத் தாங்களே எடுத்து வைத்தார்கள். அந்த வழக்கில் அறையிலிருந்த உடன்பணியாளர்கள் சம்பவம் முடிந்த பிறகே வந்தார்கள் என்பதைக் காட்டினார்கள். நான்கு சுவர்களுக்குள், பொதுமக்கள் இல்லாத இடத்தில் நடந்தால் அது பொதுப் பார்வையல்ல என்று அந்தத் தீர்ப்பு சொல்வதில் 'பொதுமக்கள் இல்லாத' என்ற பகுதியைச் சுட்டினார்கள். பிறகு தங்கள் வழக்குக்கு வந்தார்கள்: எங்கள் வழக்கில் ஐந்து பெண்கள் சொல்லப்பட்ட நொடியில் நின்றார்கள், அவர்கள் தலைவரின் உறவினர்களோ நண்பர்களோ என்று மனுதாரர்கூடச் சொல்லவில்லை, கதவு திறந்திருந்தது. ஆகவே கருப்புடையார் தீர்ப்பு எங்களுக்கு எதிரானதல்ல, அதே சோதனையை வைத்தால் நாங்கள் தேறுகிறோம். இது ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. ஹிதேஷ் வர்மாவின் அந்தப் பிழையான வாக்கியத்தையும் மறைக்காமல் எடுத்துச் சொல்லி, அடுத்த பத்தியோடு வைத்து விளக்கியிருந்தார்கள். மூன்று நீதிபதிகள் சொன்னதைத் தவறு என்று சொல்லவில்லை. உயர் நீதிமன்றத்தின் முன் அப்படிச் சொல்லவும் முடியாது. சங்கதிகள் வேறு என்றார்கள், அவ்வளவுதான்.

ஆதாரத்தைச் சோதிக்கும்போது நான் கேட்கும் இன்னொரு கேள்வி, அந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பது. மனுதாரர் தரப்பில் இரண்டு அணிகள், எஃப்.ஐ.ஆர். பதிவதற்கு முன் முதற்கட்ட விசாரணை நடக்கவில்லை என்று வாதிட்டன. ஆதாரமாக 2018 மார்ச் 20-இல் வந்த சுபாஷ் காசிநாத் மகாஜன் தீர்ப்பைக் காட்டின. இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு அந்தத் தேதி மறந்திருக்காது. அதை எதிர்த்துத்தான் ஏப்ரல் 2 அன்று நாடு முழுக்கத் தலித் அமைப்புகள் முழு அடைப்பு நடத்தின. அதே ஆண்டு நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து, முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று சட்டமாக்கியது. 2019 அக்டோபர் 1-இல் மறுசீராய்வில் உச்ச நீதிமன்றமே அந்த வழிகாட்டுதல்களைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் பிருத்விராஜ் சவுகான் வழக்கில் 18ஏ செல்லும் என்றது. இவ்வளவும் நடந்த பிறகு 2018 தீர்ப்பைத் தனியாகக் காட்டுவது, இறந்தவரைச் சாட்சிக்கு அழைப்பது போன்றது.

ஆனால் இதிலும் நம் தரப்பு தப்பவில்லை. எதிர்த் தரப்பில் ஓர் அணி, 18ஏ வந்துவிட்டதால் இந்தச் சட்டத்தில் முன்ஜாமீன் எந்தச் சூழலிலும் கிடையாது என்று எழுதி, அதற்கு அதே பிருத்விராஜ் சவுகான் தீர்ப்பைக் காட்டியது. அந்தத் தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. புகாரைப் படித்த மாத்திரத்தில் இந்தச் சட்டத்தின் கீழ் குற்றம் தெரியவில்லை என்றால் அந்தத் தடை பொருந்தாது என்கிறது. ஒரு தீர்ப்பு நமக்குச் சாதகமாக இருக்கிறது என்பதற்காக அது சொல்லாததையும் சொல்ல வைத்தால், நீதிபதி அடுத்த பக்கத்தில் நாம் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார். இறந்த தீர்ப்பைக் காட்டியவர்களுக்கு எத்தனை மதிப்பெண் குறைத்தேனோ, உயிருள்ள தீர்ப்பை இழுத்து நீட்டியவர்களுக்கும் அத்தனையே குறைத்தேன்.

இனி கட்டமைப்பு. இதற்கு நான் ஓர் எளிய வழி வைத்திருக்கிறேன். விரிவான வாதப் பகுதியின் தலைப்புகளையும் துணைத் தலைப்புகளையும் மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்வேன். அவற்றை மட்டும் படித்தால் வாதம் புரிய வேண்டும். 'பொதுப் பார்வை: ஓர் ஆய்வு' என்ற தலைப்பு பாடப்புத்தகத்துக்கு உரியது, எந்தத் தரப்பு எழுதியது என்றே தெரியாது. 'திறந்த கதவருகே ஐந்து பெண்கள் கேட்டுக்கொண்டு நின்றதால் சம்பவம் பொதுப் பார்வையில் நடந்தது' என்ற தலைப்பில் முடிவும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது, வழக்கின் சங்கதியும் இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனையோ கோப்புகளைப் பார்க்கும் நீதிபதி தலைப்பை மட்டும்தான் படிப்பார் என்று வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

அடுத்து, முதல் வாதம் தோற்றால் என்ன ஆகும் என்று பார்ப்பேன். நாற்பத்து மூன்று தீர்ப்பு மெமோரியலில் எல்லா வாதங்களும் ஒரே ஆணியில் தொங்கின. பொதுப் பார்வை என்ற அந்த ஆணியைப் பிடுங்கினால் மிச்சமில்லை. எதிர்த் தரப்பிலும் ஐந்து அணிகள் அப்படித்தான். பதினோரு தீர்ப்பு அணி மட்டும் இரண்டாவது வாதம் ஒன்றை வைத்திருந்தது. அதைப் படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-இல் கொண்டுவந்த திருத்தம், 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் 3(1)(m) என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஊராட்சியிலோ நகராட்சியிலோ உறுப்பினராகவோ தலைவராகவோ இருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினரை அவர்களது வழக்கமான பணிகளைச் செய்யவிடாமல் வற்புறுத்துவதோ மிரட்டுவதோ தடுப்பதோ குற்றம் என்கிறது அது. இந்தப் பிரிவில் பொதுப் பார்வை என்ற நிபந்தனையே இல்லை. பூட்டிய அறைக்குள் நடந்தாலும் குற்றம்தான். எஃப்.ஐ.ஆரில் இந்தப் பிரிவு போடப்படவில்லை. அதனால் என்ன என்று அந்த அணி கேட்டது. 1990-களின் தொடக்கத்திலிருந்து எஃப்.ஐ.ஆர். ரத்துக்கு அடிப்படையாக இருக்கும் பஜன் லால் தீர்ப்பின்படி, புகாரில் சொல்லப்பட்ட சங்கதிகளை அப்படியே ஏற்றுக்கொண்டால் ஏதேனும் குற்றம் வெளிப்படுகிறதா என்பதுதான் கேள்வி. காவல் நிலையத்தில் எந்தப் பிரிவை எழுதினார்கள் என்பது முடிவான விஷயமல்ல. பதிவேட்டைப் பறித்ததும் கையெழுத்துப் போடவிடாமல் எழச் சொன்னதும் புகாரிலேயே இருக்கின்றன. ஆகவே பொதுப் பார்வை வாதத்தில் நாங்கள் தோற்றாலும் எஃப்.ஐ.ஆர். நிற்கும் என்று எழுதியிருந்தார்கள்.

கவனியுங்கள், இதற்கு அவர்கள் புதிய தீர்ப்பு எதையும் தேடவில்லை. சட்டத்தின் மூன்றாம் பிரிவை முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார்கள். முதல் ஆதாரம் சட்டத்தின் சொற்கள்தான், தீர்ப்புகள் அதன் பிறகு வருபவை. மற்ற பதினோரு அணிகளும் தீர்ப்புகளிலிருந்து தொடங்கியதால், நாற்காலியைப் பற்றிய ஒரு வழக்கில் நாற்காலிக்கென்றே எழுதப்பட்ட பிரிவு அவர்கள் கண்ணில் படவில்லை.

முன்பு சொன்ன ஆபத்துக்கு வருகிறேன். இரண்டு மெமோரியல்கள் கிருஷ்ணவேணியின் கதையை விரிவாக எழுதி, அதையே பொதுப் பார்வைக்கான வாதமாக வைத்திருந்தன. படிக்கும்போது தொண்டை அடைத்தது. ஆனால் அது இந்த வழக்கின் ஆவணத்தில் இல்லாத சங்கதி. கதவருகே யார் நின்றார்கள் என்ற கேள்விக்கு அது பதிலாகாது. அந்த வரலாற்றுக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. தலித் ஊராட்சித் தலைவர்கள் நாற்காலியில் உட்கார விடாமல் தடுக்கப்படுவதைத் தனிக் குற்றமாக்க வேண்டிய தேவை ஏன் வந்தது என்று 3(1)(m) பிரிவின் நோக்கத்தை விளக்கும் இடத்தில், இரண்டு வரியில் அது வந்தால் போதும். அங்கே அது சட்டத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கான காரணமாகிறது. தவறான இடத்தில் வைத்தால், நம் பெருந்துயரத்தை எதிர்த்தரப்பு ஒரே வாக்கியத்தில் பொருத்தமற்றது என்று தள்ளிவிட நாமே வழி செய்து கொடுக்கிறோம்.

கடைசியில் அந்தப் பதினோரு தீர்ப்பு மெமோரியலுக்கு ஆதாரத்தில் 25-க்கு 22, கட்டமைப்பில் 21 போட்டேன். மொழிக்கான 15-இல் அவர்களுக்கு 8-தான் வந்தது. ஆங்கிலம் தடுமாறியது. வாக்கியங்கள் தமிழில் யோசித்து எழுதியவை என்று தெரிந்தது. குறியீட்டு எண்ணுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. நாற்பத்து மூன்று தீர்ப்பு அணிக்கு மொழியில் 14. தீர்ப்புகளை எண்ணும் திருத்துநர்கள் இருவர் இருந்திருந்தால், அந்த 14-உம் அட்டையின் அழகும் சேர்ந்து முடிவை மாற்றியிருக்கும்.

எனவே போட்டி நடத்துபவர்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். மேற்கோள் பட்டியலுக்கு உச்சவரம்பு வையுங்கள், பதினைந்து தீர்ப்புகள் போதும். ஒவ்வொரு திருத்துநரும் ஒவ்வொரு மெமோரியலிலும் மூன்று மேற்கோள்களையாவது மூலத்தில் திறந்து, முன்னும் பின்னும் ஒரு பத்தி படிக்க வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். தனக்கு எதிரான தீர்ப்பைக் கையாண்ட விதத்துக்கு 25-இல் 10-ஐத் தனியாக ஒதுக்குங்கள். மாணவர்களுக்குச் சொல்வதும் அதிகமில்லை. கட்டணத் தரவுத்தளம் இல்லை என்று தயங்க வேண்டாம், உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் அறிக்கையான தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு வாக்கியம் உங்களுக்கு மிகவும் பிடித்திருந்தால், அடுத்த பத்தியைக் கட்டாயம் படியுங்கள்.